இறக்கி வைத்த பாடங்களும் இடம் தேடும் மடிக்கணினியும்

இணையவழிப் படிப்பின் காணொளிகளை மடிக்கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். விடுதியிலோ கிராமத்து வீட்டிலோ இணைய வேகம் போதாமல் தவிப்பவர்கள் ஒரு வகை. நாளொன்றுக்கு இத்தனை ஜிபி என்று அளந்து தரும் செல்பேசித் திட்டத்தை நம்பி இருப்பவர்கள் இன்னொரு வகை. இரு வகையினருக்கும் ஒரே சிக்கல்தான் வருகிறது. முதல் மாதத்தில் நாற்பது காணொளிகள் சேர்ந்துவிடும். எதைப் பார்த்தோம், எது பாதியில் நிற்கிறது, எதை நீக்கலாம் என்பது தெரியாது. நடுவில் ஒருநாள் இடம் போதவில்லை என்று கணினி எச்சரிக்கும். அவசரத்தில் ஏதோ சிலவற்றை நீக்கிவிட்டு, தேர்வுக்கு முந்தின வாரம் அவற்றையே தேட நேரும்.

இந்தியாவில் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு என்பிடெல். ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் காணொளிகளையும் அவற்றின் எழுத்து வடிவத்தையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் அவை வெளியாகின்றன. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2001-இல் அறிவித்த ஓப்பன் கோர்ஸ்வேர் திட்டமும் இப்படித்தான். இங்கெல்லாம் கிடைப்பது `.mp4` என்று முடியும் சாதாரணக் கோப்பு. அதற்குப் பெயர் மாற்றலாம், வேறு இடத்துக்கு நகர்த்தலாம், பென்டிரைவில் ஏற்றி நண்பருக்குத் தரலாம்.

யூடியூப் போன்ற செயலிகளுக்கு உள்ளேயே பதிவிறக்கம் செய்து வைப்பது வேறு. அந்தக் கோப்பு செயலியின் பூட்டுக்குள் இருக்கிறது. வேறு மென்பொருளில் அது திறக்காது. சில நாட்களுக்கு ஒருமுறை இணையத்தில் இணையாவிட்டால் செயலியிலும் ஓடாது. கட்டணப் படிப்புகளின் செல்பேசிச் செயலிகள் பலவும் இப்படியே. அவற்றை அடுக்குவதும் நீக்குவதும் செயலி விட்ட வழி. இந்தக் கட்டுரை பேசுவது கையில் கோப்பாகவே கிடைக்கும் காணொளிகளைப் பற்றி.

எவ்வளவு இடம் வேண்டும்

பொறியியல் மாணவர் ஒருவர் பன்னிரண்டு வாரப் படிப்பாகக் கட்டுப்பாட்டுப் பொறியியலை எடுத்திருக்கிறார் என்று கொள்ளலாம். வாரத்துக்கு ஐந்து பாடம், பாடம் ஒன்று அரை மணி நேரம். மொத்தம் 60 பாடம், 30 மணி நேரம். இது எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது திரையின் அளவு மட்டுமல்ல. நொடிக்கு எத்தனை பிட்டுகள் செலவாகின்றன என்பதுதான். கரும்பலகையோ ஸ்லைடோ அதிகம் அசையாது. அதனால் 720 வரிசைத் தெளிவில் இருந்தாலும் இத்தகைய வகுப்புக் காணொளிக்கு நொடிக்கு ஒரு மெகாபிட் அளவே போதும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நிமிடத்துக்கு ஏழரை எம்பி, அரை மணிப் பாடத்துக்கு 225 எம்பி, ஒரு வாரத்துக்கு 1.1 ஜிபி, முழுப் படிப்புக்கு 13.5 ஜிபி. அதே பாடம் 360 வரிசையில், நொடிக்கு 400 கிலோபிட்டில் கிடைத்தால் முழுப் படிப்பும் ஐந்தரை ஜிபிக்குள் அடங்கும்.

குறைந்த தெளிவை எடுப்பதா வேண்டாமா என்பதைப் பாடமே சொல்லிவிடும். பேராசிரியர் பலகையில் கையால் சமன்பாடு எழுதும் வகுப்பை 360-இல் பார்த்தால் அடுக்குக்குறியும் கீழ்க்குறியும் மசங்கிப்போகும். எஸ் வர்க்கமா எஸ் கனமா என்று கண்ணைச் சுருக்க வேண்டிவரும். நிரல் எழுதிக் காட்டும் வகுப்பிலும் இதே தொல்லை உண்டு. பேசுபவரின் முகமும் பெரிய எழுத்து ஸ்லைடும் மட்டுமே வரும் மேலாண்மை, பொருளியல் பாடங்களுக்கு 360 தாராளம். முதல் பாடத்தை இரண்டு தெளிவிலும் இறக்கி, எழுத்து நிறைந்த ஒரு காட்சியில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மீதியை இறக்குவது நல்லது. அறுபதையும் இறக்கிய பிறகு படிக்க முடியவில்லை என்று தெரிந்தால் ஐந்து ஜிபி வீண்.

மறுபக்கம், மடிக்கணினியின் கொள்ளளவு. 256 ஜிபி என்று விற்ற எஸ்எஸ்டி வட்டு விண்டோஸில் 238 ஜிபி என்றே தெரியும். யாரும் ஏமாற்றவில்லை, தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் பெருக்குகிறது. இயங்குதளம், மென்பொருள்கள், செல்பேசியிலிருந்து வந்து குவிந்த புகைப்படங்கள் எல்லாம் போக 40 ஜிபி மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம். அதிலும் 20 ஜிபியையாவது காலியாக விட்டுவைக்க வேண்டும். விண்டோஸ் பெரிய அளவில் புதுப்பித்துக்கொள்ளும்போது அந்த இடம் அதற்குத் தேவைப்படும். மேலே சொன்ன மாணவர் இரண்டு படிப்பை ஒரே சமயத்தில் எடுத்தால் 27 ஜிபி. எல்லாவற்றையும் ஒன்றாக இறக்கி, எல்லாவற்றையும் கடைசிவரை வைத்திருக்க இந்தக் கணினியால் முடியாது. உள்ளே வருவது ஒரு பக்கம், வெளியே போவது இன்னொரு பக்கம் என்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கே வைப்பது, என்ன பெயர் இடுவது

உலாவி இறக்கும் எதுவும் Downloads ஃபோல்டரில் போய் விழும். அங்கேயே விட்டுவிடுவதில் குழப்பம் மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு. விண்டோஸில் Storage Sense என்று ஒரு வசதி இருக்கிறது. குறிப்பிட்ட நாட்களாகத் திறக்கப்படாத கோப்புகளை Downloads ஃபோல்டரிலிருந்து தானாகவே நீக்கும்படி அதை அமைக்க முடியும். இயல்பாக அந்தப் பகுதி Never என்றுதான் இருக்கும். ஆனால் இடம் தேடும் அவசரத்தில் யாராவது அதை 30 நாள் என்று மாற்றியிருந்தால், எட்டாம் வாரத்துக்கென்று முன்கூட்டியே இறக்கி வைத்த பாடங்கள் திறக்கப்படாமலேயே போய்விடும். பழைய, பிறர் கைபட்ட கணினி என்றால் Settings-இல் System, அதில் Storage என்று போய் ஒருமுறை பார்த்துக்கொள்வது உத்தமம்.

டெஸ்க்டாப்பிலும் Documents ஃபோல்டரிலும் வைப்பதில் வேறொரு சிக்கல். புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் இவை ஒன்டிரைவ் கணக்கோடு இணைந்திருக்கும். இலவசக் கணக்கின் கொள்ளளவு 5 ஜிபி. ஐந்தாம் வாரப் பாடத்திலேயே அது நிரம்பிவிடும். அதைவிட மோசம், மேலே ஏற்றுவதற்கே செல்பேசியின் அன்றாட டேட்டா முழுவதும் தீர்ந்துபோகும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒன்டிரைவ் ஃபோல்டரில் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் மேகப் படம் தெரிந்தால் அந்தக் கோப்பு கணினியில் இல்லை, பெயர் மட்டுமே இருக்கிறது என்று பொருள். இணையம் இல்லாத ரயில் பயணத்தில் அதைச் சொடுக்கினால் ஒன்றும் நடக்காது. ஆகவே `D:\Padam` என்பதுபோல ஒன்டிரைவ் தொடாத ஓரிடத்தில் தனி ஃபோல்டர் போடுவதே சரி. D பிரிவு இல்லாத கணினியில் `C:\Padam` என்று வைத்துக்கொள்ளலாம். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழமாகப் போகவும் தேவையில்லை. விண்டோஸில் முகவரியும் பெயரும் சேர்ந்து 260 எழுத்துகளைத் தாண்டினால் பல மென்பொருள்கள் தடுமாறும்.

இனி பெயர். இறங்கி வரும் கோப்புகள் `lec14.mp4`, `mod03lec14.mp4` என்ற மாதிரிப் பெயர்களோடு வரும். ஒரே படிப்பு என்றால் இதுவே போதும். இரண்டு படிப்பை இறக்கினால் இரண்டிலும் `lec14.mp4` இருக்கும். ஒரே ஃபோல்டரில் இறங்கும்போது உலாவி இரண்டாவதற்கு `lec14 (1).mp4` என்று பெயர் வைத்துவிடும். பிறகு எது எந்தப் பாடம் என்பதைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். இறக்கிய அன்றே பெயரை மாற்றிவிடுவது இதற்கான மருந்து. வாரம், பாட எண், தலைப்பு என்ற வரிசையில் `W03_L14_Routh.mp4` என்று இருந்தால் போதும். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போடுவது அழகுக்காக அல்ல. விண்டோஸ் 2-க்குப் பிறகு 10 என்று எண் மதிப்பைப் பார்த்து அடுக்கிவிடும். ஆனால் பென்டிரைவைத் தொலைக்காட்சியில் செருகினால் பல பெட்டிகள் எழுத்து வரிசையைத்தான் பார்க்கும். 1, 10, 11, 12 எல்லாம் போன பிறகே 2 வரும். 01, 02 என்று இருந்தால் எங்கும் வரிசை கெடாது. முற்றுப்புள்ளி இரட்டை, கேள்விக்குறி, சாய்கோடு போன்றவற்றை விண்டோஸ் பெயரில் ஏற்காது என்பதால் தலைப்பை அப்படியே ஒட்டாமல் ஒரு சொல்லாகச் சுருக்குவதே வசதி. பெயரைத் தமிழிலும் வைக்கலாம், கணினியில் தடை ஏதுமில்லை. பழைய தொலைக்காட்சிகளில் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரியக்கூடும்.

வசனக் கோப்பையும் மறந்துவிடக் கூடாது. காணொளியோடு `.srt` என்று முடியும் கோப்பு வந்திருந்தால் அதன் பெயரும் காணொளியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். விஎல்சி போன்ற மென்பொருள்கள் பெயர் ஒற்றுமையை வைத்துத்தான் வசனத்தைத் தாமாக எடுத்துக்கொள்கின்றன. காணொளியின் பெயரை மாற்றிவிட்டு வசனக் கோப்பை விட்டுவிட்டால், நேற்றுவரை வந்த எழுத்து இன்று வரவில்லையே என்று தேட வேண்டியிருக்கும்.

முழுதாக இறங்கியதா

அரைகுறையாக இறங்கிய பாடம் எப்போதும் இணையம் இல்லாத இடத்தில்தான் தெரியவரும். அதனால் இறக்கிய இடத்திலேயே சோதித்துவிட வேண்டும். பெயரின் வால் `.crdownload` என்றோ `.part` என்றோ இருந்தால் முடியவில்லை என்று பொருள். முதலாவது குரோம் விடும் மிச்சம், அடுத்தது ஃபயர்பாக்ஸ் விடுவது. சில வேளை பதிவிறக்க மென்பொருள் நடுவில் அறுந்த கோப்புக்கும் சரியான பெயரே வைத்துவிடும். அப்போது இரண்டு விதமான அறிகுறிகள் தெரியும். எம்பி4 கோப்பு ஒவ்வொன்றிலும், எந்த நொடிக்குரிய படம் எந்த இடத்தில் இருக்கிறது என்ற ஓர் அட்டவணை உண்டு. அந்த அட்டவணை கோப்பின் முடிவில் இருந்தால், அறுந்துபோன கோப்பு ஓடவே ஓடாது. உடைந்த கோப்பு என்று மென்பொருள் சொல்லிவிடும். தொடக்கத்தில் இருந்தால் நிலைமை வஞ்சகமானது. கோப்பு ஒழுங்காகத் திறக்கும், நீளம் 31 நிமிடம் என்று சரியாகவே காட்டும், 19-ஆம் நிமிடத்தில் உறைந்து நின்றுவிடும்.

எனவே முதல் நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. நீளத்தை நம்புவதும் போதாது. ஓட்டியைக் கடைசி நிமிடத்துக்கு இழுத்து, அங்கே படமும் குரலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து பாடத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். ஃபோல்டரை Details தோற்றத்தில் வைத்து அளவு வரிசையில் அடுக்கினாலும் ஒரு குறிப்பு கிடைக்கும். ஒரே வாரத்தின் நான்கு பாடங்கள் 200 எம்பியைத் தாண்டியிருக்க, ஐந்தாவது மட்டும் 90 எம்பி என்றால், அது சிறிய பாடமா அறுந்த பாடமா என்று பார்க்க வேண்டியதுதான்.

முழுப் படிப்பும் ஒரே ஜிப் கோப்பாகக் கிடைத்தால் இன்னொரு கணக்கு உண்டு. காணொளி ஏற்கெனவே இறுக்கிச் சுருக்கப்பட்டது. ஜிப் செய்வதால் அது மேலும் சுருங்காது. 13 ஜிபி ஜிப்பைப் பிரித்தால் இன்னொரு 13 ஜிபி வேண்டும். பிரித்து, சோதித்து முடித்த உடனே ஜிப்பை நீக்கிவிட வேண்டும். இடம் இல்லை என்று திணறும் கணினிகளில் தேடிப் பார்த்தால், பிரித்த பாடங்களுக்குப் பக்கத்திலேயே பழைய ஜிப்பும் உட்கார்ந்திருப்பது அடிக்கடி காணக்கூடியது.

பார்த்தவை எவை, முடிந்தவை எவை

எந்தப் பாடம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வதைவிட இடத்தாலேயே காட்டிவிடுவது எளிது. படிப்பின் ஃபோல்டருக்குள் மூன்று ஃபோல்டர்கள் போதும்: `1_Varavendiyavai`, `2_Paarthavai`, `3_Mudinthavai`. புதிதாக இறக்கியது முதலாவதில் இருக்கும். முழுதும் பார்த்த பாடம் இரண்டாவதுக்குப் போகும். அதற்கான பயிற்சியும் முடிந்தால் மூன்றாவதுக்கு. ஒரே வட்டுக்குள் கோப்பை நகர்த்துவதற்கு நேரமே ஆகாது; தரவு இருந்த இடத்திலேயே இருக்க, அதன் முகவரி மட்டுமே மாறுகிறது. 225 எம்பி கோப்பும் இமைப்பொழுதில் போய்விடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. விஎல்சி ஒரு காணொளியை விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு, அண்மையில் திறந்த கோப்புகளின் முகவரியை நினைவில் வைத்திருக்கிறது. பாதி பார்த்த கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலோ பெயரை மாற்றினாலோ அதற்கு அது புதிய கோப்பு. மறுபடி தொடக்கத்திலிருந்தே ஓட்டும். ஆகவே பெயர் மாற்றம் பார்க்கத் தொடங்கும் முன், இட மாற்றம் பார்த்து முடித்த பின். நடுவில் எதுவும் கூடாது. பாதியில் நிறுத்தும்போது நிமிடத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிடுபவருக்கு இந்தக் கவலையே இல்லை.

இரண்டாம் ஃபோல்டருக்கும் மூன்றாம் ஃபோல்டருக்கும் இடையில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. காணொளியின் கடைசி நொடிவரை ஓடிவிட்டது என்பதாலேயே பாடம் முடிந்துவிடாது. என்பிடெல் சான்றிதழ்ப் படிப்பில் வாரா வாரம் ஒப்படைப்பு உண்டு. பன்னிரண்டு வாரப் படிப்பில் பன்னிரண்டு ஒப்படைப்புகளில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண், மையத்துக்குப் போய் எழுதும் இறுதித் தேர்வுக்கு 75. மூன்றாம் வார ஒப்படைப்பில் ஒரு கணக்கு வராதபோது மறுபடி திறக்க வேண்டியது மூன்றாம் வாரப் பாடத்தையே. அதனால் வாரத்தின் ஒப்படைப்பைக் கொடுத்து, விடை வெளியாகி, தவறியது எங்கே என்று பார்த்துக்கொண்ட பிறகே அந்த வாரத்தின் ஐந்து பாடங்களும் சேர்ந்தாற்போல மூன்றாம் ஃபோல்டருக்குப் போகலாம். பாடம் பாடமாக நகர்த்துவதைவிட வாரம் வாரமாக நகர்த்துவதே இங்கே பொருந்தும். ஒப்படைப்பு வாரத்துக்கு ஒன்றுதானே.

குறிப்பு எடுக்கும் முறையும் நீக்குவதோடு தொடர்புடையது. பாடம் முழுவதையும் எழுதிக்கொள்வது ஆகிற காரியம் இல்லை. ஒரு சாதாரண நோட்பேட் கோப்பில், எந்தப் பாடத்தின் எத்தனையாவது நிமிடத்தில் என்ன வருகிறது என்று வரிக்கு ஒன்றாகக் குறித்தால் போதும்:

```
L14 07:40 முதல் நிரலில் சுழி வந்தால் என்ன செய்வது
L14 18:15 கணக்கு 2, மூன்றாம் படி
L15 11:05 ஒரு நிரை முழுதும் சுழி
```

காணொளி கையில் இருக்கும்வரை இது வழிகாட்டி. காணொளியை நீக்கிய பிறகும் இது செல்லும். பின்னொரு நாள் அதே பாடத்தை இணையத்தில் திறந்து நேராக 18-ஆம் நிமிடத்துக்குப் போகலாம். அரை மணிப் பாடத்தை இறக்க 225 எம்பி ஆகும்; குறித்து வைத்த மூன்று நிமிடத்தை மட்டும் பார்க்க 20 எம்பி சொச்சமே ஆகும்.

நீக்கும் முறை

மூன்றாம் ஃபோல்டரில் சேர்ந்தவை எல்லாம் உடனே நீக்கத் தக்கவையும் அல்ல. மறுபடி கிடைக்குமா, கிடைத்தால் என்ன செலவு என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கல்லூரி வைஃபையில் ஐந்து நிமிடத்தில் திரும்ப இறக்க முடியும் என்றால், அந்த வாரத்தைத் தயங்காமல் நீக்கலாம். விடுமுறையில் ஊருக்குப் போய்ச் செல்பேசி டேட்டாவில் தேர்வுக்குப் படிக்கப்போகிறவர், தேர்வு முடியும்வரை எங்காவது ஒரு படி வைத்திருக்கத்தான் வேண்டும். அதிலும் எல்லாம் வேண்டாம். அறிமுகப் பாடம், படிப்பின் அமைப்பைச் சொல்லும் பாடம், முந்தின வாரத்தை நினைவூட்டும் பாடம் ஆகியவற்றை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. நிறுவலும் நீண்ட கணக்கும் வரும் பாடங்களே திரும்பத் தேவைப்படும். மேற்சொன்ன படிப்பில் அப்படிப் பொறுக்கினால் வாரத்துக்கு இரண்டு மிஞ்சும். 60-இல் 24 பாடம், 5.4 ஜிபி. எட்டு ஜிபி பென்டிரைவிலேயே அது அடங்கிவிடும்.

பென்டிரைவுக்கு மாற்றும்போது வெட்டி ஒட்டக் கூடாது. வேறு வட்டுக்கு வெட்டி ஒட்டுவது என்பது நகல் எடுத்துவிட்டு மூலத்தை அழிப்பதுதான். நகல் சரியாக இல்லாவிட்டால் இரண்டும் போகும். நகல் எடுத்து, சரிபார்த்து, அதன் பிறகு மூலத்தை நீக்குவதே பாதுகாப்பு. சரிபார்க்க, இரண்டு பக்கத்திலும் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து Properties திறந்து எண்ணிக்கையையும் Size என்ற வரியில் உள்ள பைட் கணக்கையும் ஒப்பிட வேண்டும். அடுத்த வரியான Size on disk மாறித்தான் இருக்கும். அது வட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும் முறையால் வருவது, பிழை அல்ல. பிறகு பென்டிரைவை Eject கொடுத்து எடுத்து, மறுபடி செருகி, கடைசியாக ஏறிய பாடத்தின் கடைசி நிமிடத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். எடுத்துச் செருகாமல் ஓட்டினால் கணினி தன் நினைவகத்தில் இருப்பதையே காட்டிவிடக்கூடும். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் மலிவு பென்டிரைவுகள் சந்தையில் உண்டு. 64 ஜிபி என்று தெரியும், எட்டு ஜிபிக்கு மேல் ஏறியது எதுவும் ஓடாது. பெயரும் அளவும் சரியாகவே இருக்கும் என்பதால் ஓட்டிப் பார்த்தால் ஒழியக் கண்டுபிடிக்க முடியாது.

விவாதமும் விளக்கமுமாகப் போகும் பாடங்களுக்கு இன்னொரு வழி, படத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்வது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவி இருந்தால் ஒரே வரியில் முடியும்:

```
ffmpeg -i W03_L11.mp4 -vn -c:a copy W03_L11.m4a
```

குரலை அப்படியே நகலெடுப்பதால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும், தரமும் குறையாது. 225 எம்பி பாடத்தின் குரல் பொதுவாக 20 எம்பி அளவில் நிற்கும். பேருந்தில் கேட்கலாம். கரும்பலகைப் பாடத்துக்கு இது உதவாது. "இதை அங்கே போட்டால் இது வரும்" என்ற குரலை மட்டும் கேட்டு யாருக்கு என்ன புரியும்? அத்தகைய பாடங்களுக்கு எழுத்து வடிவ பிடிஎஃப் மேல். காணொளியோடு ஒப்பிட்டால் அது பிடிக்கும் இடம் ஒரு பொருட்டே அல்ல.

காணொளியையே மேலும் சுருக்கிச் சிறிதாக்கலாமே என்று தோன்றலாம். நொடிக்கு ஒரு மெகாபிட் என்பதே ஏற்கெனவே குறைவு. அதை இன்னும் சுருக்க மடிக்கணினி மணிக்கணக்காக விசிறி இரைய உழைத்து, மங்கலான எழுத்தைத்தான் கொடுக்கும். குறைந்த தெளிவுப் படியை நேரடியாக இறக்கிக்கொள்வதே மேல்.

நீக்குவதற்கு முன் கடைசியாக ஒரு வேலை உண்டு. எந்தெந்தப் பாடம் இருந்தது என்ற பட்டியலை எடுத்துவிட வேண்டும். மூன்றாம் ஃபோல்டருக்குள் இருந்தபடி பவர்ஷெல் திறந்து இந்த வரியைக் கொடுத்தால், பெயர்கள் எல்லாம் ஓர் உரைக்கோப்பில் சேர்ந்துவிடும்:

```
Get-ChildItem -Name >> ..\mudinthavai.txt
```

இரட்டை அம்புக்குறி, வாரா வாரம் புதிய பெயர்களைப் பழைய பட்டியலின் அடியில் சேர்க்கிறது. ஒற்றைக் குறி போட்டால் பழையது அழிந்து புதியது மட்டும் நிற்கும். இந்தப் பட்டியலின் தலையில் படிப்பின் இணைய முகவரியையும் எழுதி வைத்தால், நீக்கியதைத் திரும்பப் பெறும் வழி அங்கேயே இருக்கும்.

இனி நீக்கலாம். Delete பொத்தானை அழுத்தினால் கோப்பு Recycle Bin-க்குப் போகும். வட்டில் இடம் விடுபடாது. ஐந்து பாடத்தை நீக்கியும் காலியிடம் ஒரு எம்பிகூடக் கூடவில்லையே என்று திகைப்பவர்கள் பார்க்க வேண்டியது அந்தத் தொட்டியை. அதைக் காலி செய்த பிறகே 1.1 ஜிபி திரும்பும். D பிரிவில் நீக்கியதன் இடம் D பிரிவிலேயே முடங்கிக் கிடக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். Shift விசையோடு சேர்த்து அழுத்தினால் தொட்டிக்குப் போகாமல் நேரே அழியும். பென்டிரைவில் நீக்கினாலும் பெரும்பாலும் அப்படித்தான். அங்கே தொட்டி கிடையாது.

அழித்ததை மீட்கும் மென்பொருள்கள் இருக்கின்றனவே என்ற தைரியம் பழைய சுழல்வட்டு நாட்களைச் சேர்ந்தது. அந்த வட்டில் புதிய தரவு மேலே எழுதப்படும்வரை பழையது கிடக்கும். மீட்க வாய்ப்பு உண்டு. இன்றைய மடிக்கணினிகளில் இருக்கும் எஸ்எஸ்டியில் ட்ரிம் என்ற கட்டளை இயங்குகிறது. கோப்பு அழிந்ததும் இந்த இடம் இனி வேண்டாம் என்று இயங்குதளம் வட்டுக்குச் சொல்லிவிடும், வட்டும் அதைத் துடைத்துவிடும். ஆகவே வார வேலையாக நீக்கும்போது சாதாரண Delete-ஐயே பயன்படுத்தி, தொட்டியை மட்டும் ஒரு வாரம் தள்ளிக் காலி செய்வது நல்ல ஏற்பாடு. மூன்றாம் வாரத்தை நீக்கும் நாளில் இரண்டாம் வாரம் கிடக்கும் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். கை தவறிப்போன பாடத்தைத் திரும்ப எடுக்க ஏழு நாள் அவகாசம் இருக்கும்.

இந்த ஓட்டத்தில் அந்த மாணவரின் கணினியில் எந்த நேரமும் என்ன இருக்கும் என்று கணக்கிடலாம். நடப்பு வாரம், முன்கூட்டி இறக்கிய அடுத்த வாரம், தொட்டியில் கிடக்கும் சென்ற வாரம் என மூன்று வாரம்: படிப்பு ஒன்றுக்கு சுமார் 3.4 ஜிபி, இரண்டு படிப்புக்கும் ஏழு ஜிபிக்குள். 40 ஜிபி காலியாக இருந்த கணினியில் புதுப்பிப்புக்கென்று ஒதுக்கிய 20 ஜிபி தொடப்படாமலேயே நிற்கும். தேர்வுக்கு வேண்டிய பாடங்கள் பென்டிரைவில் இருக்கும். பட்டியலும் நிமிடக் குறிப்பும் படிப்பின் ஃபோல்டரில். தேர்வு முடிவு வந்த பிறகு பென்டிரைவையும் காலி செய்து அடுத்த பருவத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். சில கிலோபைட் அளவே உள்ள அந்த இரண்டு உரைக்கோப்புகளையும் நீக்க வேண்டிய தேவை வராது.